அந்தி சாய்ந்தால் மல்லிகை மணப்பது ஏன்?

மொட்டுக்குள் நடப்பதை அறிந்தால் பறிக்கும் நேரம் தவறாது

தேனி, ஆண்டிபட்டி, சின்னமனூர், சீலையம்பட்டி, உத்தமபாளையம், கம்பம் வட்டாரங்களில் மல்லிகை, பிச்சி, முல்லை, சம்பங்கி ஆகிய பூக்களைச் சிறு விவசாயிகள் பலர் பயிர் செய்து வருகின்றனர். விடியற்காலையில் தோட்டத்தில் இறங்கி மொட்டுப் பறிக்கும்போது செடியைச் சுற்றி மணம் பெரிதாக இருப்பதில்லை. மடியில் சேரும் குண்டுமல்லி மொட்டை முகர்ந்து பார்த்தாலும் பச்சை வாடைதான் வரும். அதே மொட்டு அன்று மாலை சரமாகி ஒரு வீட்டுக்குள் போனால் இரவு எட்டு மணிக்குத் தெருவே மணக்கிறது. காலையில் இல்லாத மணம் மாலையில் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் பூ பறிப்பதிலும் விற்பதிலும் நேரும் சில நஷ்டங்களைத் தவிர்க்கலாம். "உன் தோட்டத்துப் பூ மணக்கவில்லை, பாதி மொட்டு விரியவில்லை" என்று வியாபாரி விலையைக் குறைக்கும்போது, குறை செடியிலா, பறித்த வேளையிலா, மூட்டையிலா என்று விவசாயியே கண்டுகொள்ள முடியும்.

காற்று மட்டும் காரணம் அல்ல

"இரவில் குளிர்ந்த காற்று கீழே படிந்து நிற்கிறது; அதனால் மணம் தங்குகிறது" என்று தோட்டக்காரர்கள் சொல்வதுண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. பகலில் வெயிலால் சூடான நிலத்தின் மேல் உள்ள காற்று மேலெழும்பி, மணத்தையும் உடன் கொண்டு போய்விடுகிறது. சூரியன் மறைந்ததும் நிலம் குளிர்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு இரண்டு பக்கமும் மலை சூழ்ந்தது. காற்று அடங்கிய இரவுகளில் மலைச்சரிவிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் படிகிறது. அதில் கலந்த மணம் அவ்வளவு எளிதாக மேலே போவதில்லை. ஆள் நடமாடும் உயரத்திலேயே தங்குகிறது.

ஆனால் இது மட்டுமே காரணமாக இருந்தால், காற்றே புகாத இடத்தில் பகலிலும் பூ மணக்க வேண்டும். இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். காலையில் பறித்த முற்றிய மொட்டுகள் பத்தை ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டுத் தட்டால் மூடி நிழலில் வையுங்கள். காலை பத்து மணிக்குத் திறந்து முகர்ந்தால் மணம் மிகக் குறைவாகவே இருக்கும். மூடியை எடுத்துவிட்டு, மொட்டுகளை ஈரத்துணி மேல் வைத்திருந்து, இரவு ஒன்பது மணிக்கு அதே டம்ளரில் போட்டு அரை மணி நேரம் மூடித் திறந்து பாருங்கள். மணம் மூக்கில் ஏறும். டம்ளருக்குள் காற்று மாறவில்லை, பூதான் மாறியிருக்கிறது. மணத்தை இரவில் தயாரித்து இரவில் வெளியிடுவது மல்லிகையின் பழக்கம்.

சேர்த்து வைக்கும் செடியும், சமைத்துப் பரிமாறும் செடியும்

மணம் தரும் செடிகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். மரிக்கொழுந்து, துளசி, வெட்டிவேர் போன்றவை முதல் வகை. இவை தம் மணத்தைத் தைலமாகச் செய்து சேர்த்து வைக்கின்றன. மரிக்கொழுந்து, துளசி இலைகளின் மேல் நுண்ணிய சுரப்பிகளில் தைலம் நிறைந்திருக்கும். இலையைக் கசக்கினால் சுரப்பி உடைந்து எந்த நேரமும் மணக்கும். வெட்டிவேரின் தைலம் வேருக்குள் இருக்கிறது. காய்ந்து பல மாதம் ஆன பிறகும் தண்ணீர் தெளித்தால் மணப்பது அதனால்தான்.

மல்லிகையும் சம்பங்கியும் இரண்டாம் வகை. இவற்றில் தைலக் குப்பி கிடையாது. பொருளை அரிசி, பருப்பாக வைத்திருந்து, வேளை வந்ததும் சமைத்துச் சுடச்சுடப் பரிமாறும் வீடு போன்றவை இவை. அதனால்தான் காய்ந்த மல்லிகையில் மணம் இல்லை. காலையில் மொட்டை நசுக்கினாலும் மல்லிகை மணம் வராமல் பச்சை வாடை மட்டும் வருவதும் இதனால்தான்.

மொட்டுக்குள் என்ன நடக்கிறது?

குண்டுமல்லியின் மணம் ஒரே பொருளால் ஆனது அல்ல. லினலூல், பென்சைல் அசிடேட், இண்டோல் முதலான பல பொருள்கள் சேர்ந்ததே அது. இவை எளிதில் ஆவியாகக் கூடியவை. அப்படி ஆவியாவதால்தான் நம் மூக்கை எட்டுகின்றன.

மொட்டு வளரும்போது இவற்றில் சிலவற்றைச் செடி சர்க்கரையோடு பிணைத்து இதழுக்குள் வைக்கிறது. சர்க்கரையோடு பிணைந்த பொருள் கனமானது, தண்ணீரில் கரையும், ஆவியாகாது, மணக்கவும் செய்யாது. பொட்டலம் கட்டி வைத்த சரக்கு என்று இதைச் சொல்லலாம். மல்லிகை மொட்டில் இத்தகைய பொட்டலங்கள் இருப்பதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 1990களில் பிரித்தெடுத்துக் காட்டினர். மொட்டு விரியத் தொடங்கும்போது ஒருவகை நொதி இந்தப் பிணைப்பை வெட்டுகிறது. சர்க்கரை ஒரு பக்கமும் மணப்பொருள் மறுபக்கமும் பிரிகின்றன. மணம் கிளம்புகிறது.

கட்டி வைத்த சரக்கு மட்டும் போதாது. விரியும் பூ, அதே இரவில் புதிதாகவும் மணப்பொருளைத் தயாரிக்கிறது. இதற்குச் சர்க்கரையும், அதிலிருந்து செடி உண்டாக்கும் பினைல் அலனின் என்ற அமினோ அமிலமும் மூலப்பொருள்களாகின்றன. வேலை பெரும்பாலும் இதழின் மேல்தோல் செல்களிலேயே நடக்கிறது. ஆகவே மொட்டில் எவ்வளவு மாவும் சர்க்கரையும் சேர்ந்திருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் இரவில் மணம் வரும். விவசாயி மனத்தில் இருத்த வேண்டிய முக்கியமான செய்தி இது.

வெளியே வருவதற்கும் வழி வேண்டும்

செல்லுக்குள் உண்டான மணம் தானாகவே கசிந்து வெளியேறுகிறது என்றுதான் நீண்ட காலம் எண்ணப்பட்டது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பெட்டூனியா என்ற பூச்செடியில் ஆய்வு செய்து, 2017இல் வேறொரு உண்மையை வெளியிட்டனர். செல்லின் சவ்வில் உள்ள ஒரு புரதம், மணப்பொருளைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. அந்தப் புரதத்தைக் குறைத்துவிட்டால் வெளியேறும் மணம் குறைவதோடு, தேங்கிய மணப்பொருள் செல்லின் சவ்வையே கெடுக்கிறது. மணப்பொருளை உள்ளேயே குவித்து வைத்தால் இதழுக்கே கேடு. காலையிலிருந்தே தயாரித்துக் குவிக்காமல் வேண்டிய நேரத்தில் தயாரித்து உடனுக்குடன் வெளியேற்றுவது பூவுக்கு நன்மை என்பது இதிலிருந்து விளங்கும். சவ்வைக் கடந்த மணம், இதழின் மேல் உள்ள மெல்லிய மெழுகுப் படலத்தையும் ஊடுருவித்தான் காற்றில் கலக்கிறது.

பூவுக்குள் ஒரு கடிகாரம்

மாலை வந்துவிட்டது என்று பூவுக்கு யார் சொல்கிறார்கள்? வெளிச்சம் குறைவதைப் பார்த்து மட்டும் பூ முடிவு செய்வதில்லை. நம் ஊர்களில் இரவு ராணி என்று வீட்டு வாசலில் வளர்க்கும் செடியை எடுத்துக்கொள்ளலாம். 1960இல் வெளியான ஓர் ஆய்வில், இச்செடியை இரவு பகல் மாற்றம் இல்லாத நிலையில் வைத்துப் பார்த்தனர். அப்போதும் ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஒரு முறை பூ விரிந்து மணந்தது. செடிக்கு உள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. சூரிய ஒளி அதைத் தினமும் சரிப்படுத்தி வைக்கிறது.

அந்தக் கடிகாரம் மணத்தை எப்படி ஆள்கிறது என்பதை வாஷிங்டன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் பெட்டூனியாவில் கண்டறிந்து 2015இல் வெளியிட்டனர். விடியும் நேரத்தில் ஒரு புரதம் பெருகி, மணத் தயாரிப்பைத் தொடங்கும் விசையை அமுக்கிப் பிடிக்கிறது. பகல் போகப் போக அப்புரதம் குறைகிறது. மாலையில் பிடி தளர்ந்ததும் தயாரிப்பு தொடங்குகிறது. இரவில் மணக்கும் பூ பகலில் வாளாவிருப்பதற்கு இத்தகைய ஏற்பாடே காரணம்.

இந்தக் கடிகாரம் மொட்டைச் செடியிலிருந்து பறித்த பிறகும் நிற்பதில்லை. விடியலில் சின்னமனூரில் பறித்த மொட்டு, லாரியில் போனாலும், சந்தையில் கிடந்தாலும், சரத்தில் தொங்கினாலும் மாலையில் விரியத்தான் செய்யும். மல்லிகை வியாபாரமே இந்த ஒரு குணத்தை நம்பித்தான் நடக்கிறது.

இரவில் மணப்பதால் செடிக்கு என்ன பயன்?

பகலில் பூத்து மணக்கும் ரோஜா தேனீயை அழைக்கிறது. மல்லிகையும் சம்பங்கியும் அழைப்பது இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை. இவற்றில் பருந்து அந்து எனப்படும் இனத்துக்கு நீண்ட உறிஞ்சுகுழல் உண்டு. இருட்டில் சிவப்பும் ஊதாவும் தெரியா. வெண்மை ஓரளவு தெரியும். தொலைவிலிருந்து வழிகாட்ட மணம் வேண்டும். எனவேதான் இரவுப் பூக்களில் பல வெண்ணிறமாகவும், நீண்ட குழல் உடையனவாகவும், பெரு மணம் உடையனவாகவும் இருக்கின்றன.

சம்பங்கியின் தாயகம் மெக்சிகோ. வடநாட்டில் அதற்கு ரஜனிகந்தா, அதாவது இரவில் மணப்பது என்றே பெயர். நாம் பயிரிடும் குண்டுமல்லி பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. பதியன், குச்சி மூலமே பெருக்குகிறோம். அந்துப்பூச்சி வந்தாலும் வராவிட்டாலும் அதற்கு இப்போது ஒன்றுதான். ஆனாலும் பழைய வழக்கத்தை அது விடவில்லை.

ஒரு மொட்டின் ஒரு நாள்

குண்டுமல்லியின் முற்றிய மொட்டு ஒன்றைத் தொடர்ந்து கவனிப்போம். விடியற்காலையில் அது வெள்ளையாகி, பருத்து, காம்புப் பக்கம் உள்ள குழல் நீண்டிருக்கும். பச்சை சாயல் மறைந்திருக்கும். செடியிலேயே விட்டுவிட்டால் அன்று பகல் முழுவதும் இலைகள் தயாரிக்கும் சர்க்கரையை வாங்கி மேலும் பருக்கும். மாலையில் இதழ் நெகிழும். இரவு எட்டு மணியிலிருந்து நள்ளிரவு வரை மணம் ஓங்கி நிற்கும். மறுநாள் வெயில் ஏறும்போது மணம் இறங்கிவிடும். இதழ் வாடி, பழுப்பேறி உதிரும்.

விடியலிலேயே பறித்த மொட்டுக்கு அந்தப் பன்னிரண்டு மணி நேரத் தாய்ப்பால் இல்லை. பறிக்கும்போது தன்னிடம் இருந்த சேமிப்பைக் கொண்டே அது விரியவும் வேண்டும், மணக்கவும் வேண்டும். முற்றிய மொட்டால் அது முடியும். நாளைக்கு விரிய வேண்டிய, பச்சை மாறாத சிறு மொட்டால் முடியாது. அது விரியாமலே வாடும். விரிந்தாலும் மணம் குறையும். விலை ஏறிய நாள்களில் எடை கூட்டுவதற்காக அத்தகைய மொட்டையும் சேர்த்துப் பறிப்பவர்கள் இன்றைய எடையையும் நாளைய பூவையும் ஒருசேர இழக்கின்றனர். ஒரு நாள் பொறுத்திருந்தால் அதே மொட்டு கூடுதல் எடையோடு கைக்கு வரும்.

சீனாவின் பூஜோ நகரப் பகுதியில் மல்லிகைத் தேயிலை தயாரிக்க இதே குண்டுமல்லி இனத்தைத்தான் பயன்படுத்துகின்றனர். அங்கு மொட்டைப் பிற்பகலில் பறிக்கின்றனர். கூடத்தில் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, இரவில் மொட்டு விரிந்ததும் தேயிலையோடு கலக்கின்றனர். பூ விடும் மணத்தை இரவு முழுவதும் தேயிலை உறிஞ்சுகிறது. மணம் தேவைப்படுகிறவர்கள் பகல் வெயிலின் பலன் முழுவதையும் மொட்டு பெற்ற பிறகு பறிக்கின்றனர்; நம் ஊரில் காலைச் சந்தையும் சரம் கட்டுவதும் முக்கியமாதலால் விடியலில் பறிக்கிறோம். இரண்டும் அந்தந்தத் தேவைக்குச் சரியே. ஆனால் விடியலில் பறிப்பவர் முற்றிய மொட்டைத் தேர்ந்தெடுப்பதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும்.

சந்தைக்கு ஒரு முறை, ஆலைக்கு ஒரு முறை

சரம் கட்டுவதற்கு விற்கும் மல்லிகையைச் சூரியன் உதிப்பதற்கு முன்பே, மொட்டு விரியாத நிலையில் பறிக்க வேண்டும். வாசனைத் தைலம் எடுக்கும் ஆலைக்கு வேண்டியது வேறு. ஆலையில் ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவை ஊற வைத்து, மெழுகு போன்ற 'கான்கிரீட்' என்ற பொருளை எடுக்கின்றனர். விரியாத மொட்டில் மணம் இன்னும் உண்டாகவே இல்லை. கரைப்பான் எதை எடுக்கும்? எனவே ஆலைக்கு விரிந்த பூ தேவை. பிச்சி இரவில் விரிந்துவிடுவதால், ஆலைக்குக் கொடுப்பவர்கள் விரிந்த பூவை அதிகாலையிலேயே பறித்து வெயில் ஏறுமுன் சேர்த்துவிட வேண்டும். முற்பகல் தாண்டினால் பூ வாடுவதோடு தைலமும் குறைந்துவிடும். சம்பங்கியில் தண்டின் அடியிலிருந்து மேல் நோக்கி நாள்தோறும் சில பூக்கள் மாலையில் விரிகின்றன. அவற்றையும் மறுநாள் அதிகாலையிலேயே பறித்துவிட வேண்டும்.

கான்கிரீட்டின் அளவு மிகச் சிறியது. 1,000 கிலோ பிச்சிப் பூவிலிருந்து சுமார் இரண்டரை முதல் மூன்று கிலோ கிடைக்கும். குண்டுமல்லியில் சுமார் ஒன்றரை கிலோ. சம்பங்கியில் ஒரு கிலோ அளவுதான். இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆலைக்கு வந்த 1,000 கிலோ குண்டுமல்லியில் கால் பங்கு இளமொட்டு என்று கொள்வோம். அந்த 250 கிலோ இரவில் விரியாது, தைலமும் தராது. ஆலைக்குக் கிடைப்பது 750 கிலோ பூவின் தைலம்தான். அதாவது ஒன்றரை கிலோவுக்குப் பதிலாக ஒரு கிலோவும் 125 கிராமும். ஆலை அடுத்த முறை விலையைக் குறைப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

பறித்த பிறகும் பூ மணத்தைத் தயாரிக்கிறது என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. பிரான்ஸ் நாட்டின் கிராஸ் நகரில் பிச்சியையும் சம்பங்கியையும் கொழுப்புத் தடவிய கண்ணாடிப் பலகையில் பரப்பி மணம் எடுத்து வந்தனர். பிச்சியை ஏறத்தாழ ஒரு நாளும், சம்பங்கியை இரண்டு நாளும் அப்படியே வைத்திருப்பார்கள். பூவை உடனே கரைப்பானில் போட்டு எடுப்பதைவிட இம்முறையில் பல மடங்கு தைலம் கிடைத்தது. கரைப்பான் பூவைக் கொன்றுவிடுகிறது. கொழுப்பின் மேல் பூ உயிரோடு இருந்து மணந்துகொண்டே இருக்கிறது. சம்பங்கி மல்லிகையைவிட நீண்ட நேரம் மணப்பதும் இதனால் தெரியவரும்.

மணம் கெடுவது எங்கே?

மூட்டையில் மொட்டு வெறுமனே கிடப்பதில்லை, மூச்சு விடுகிறது. மூச்சு விடும்போது தன் சர்க்கரையைச் செலவழித்துச் சூட்டை உண்டாக்குகிறது. சாக்கிலோ பாலிதீன் பையிலோ நெருக்கித் திணித்து வெயிலில் வைத்தால் நடுவில் கை வைக்க முடியாத அளவு சூடேறும். மணமாக வேண்டிய சர்க்கரை சூடாகி வீணாகிறது, மொட்டும் பழுத்துவிடுகிறது. நிழலில் மெல்லிதாகப் பரப்பி, ஈரத்துணியால் மூடி, காற்றுப் புகும் கூடையில் எடுத்துச் செல்வது நல்லது.

குளிர்ச்சி இதற்கு நேர்மாறானது. குளிரில் மூச்சு குறைவதால் சேமிப்பு காக்கப்படுகிறது. விரிவதும் தள்ளிப் போகிறது. வெளிநாட்டுக்குப் போகும் மல்லிகையைப் பனிக்கட்டியோடு தெர்மாகோல் பெட்டியில் அடைப்பது இதற்காகவே. ஆனால் பனிக்கட்டி மொட்டின் மேல் நேராகப் படக் கூடாது. பட்ட மொட்டு நீர் கோத்துப் பழுப்பாகும். பிறகு எந்தச் சூட்டில் வைத்தாலும் விரியாது. கார்த்திகை, மார்கழியில் மல்லிகை குறைவாகப் பூப்பதும், பூத்த பூ தாமதமாக விரிவதும் குளிரினால்தான். அக்காலத்தில் மணம் சற்றுக் குறைவதைத் தோட்டத்தின் குறையாகக் கருத வேண்டியதில்லை.

நூறு மொட்டுச் சோதனை

வியாபாரி குறை சொன்னால், அன்று பறித்த பூவில் நூறு மொட்டைக் கைக்கு வந்தபடி எண்ணி எடுங்கள். ஈரத்துணியின் மேல் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, வீட்டில் நிழலான இடத்தில் வையுங்கள். இரவு ஒன்பது மணிக்கு விரிந்தவற்றை எண்ணுங்கள். விரியாதவற்றைத் தனியே பிரித்துப் பாருங்கள்.

விரியாத மொட்டு சிறுத்துப் பச்சை சாயலோடு இருந்தால் பறிப்பில் குறை. ஆள்களுக்கு மொட்டின் பருவத்தைக் காட்டிக் கொடுக்க வேண்டும். ஊதா நிறம் ஏறி வீங்கியிருந்தால் மொட்டு ஈயின் தாக்குதல். துளை இருந்தால் மொட்டுப்புழு. இவை இரண்டும் தோட்டத்தில் கவனிக்க வேண்டியவை. தாக்கிய மொட்டுகளைப் பறித்து அழிப்பது முதல் வேலை. பெரியகுளத்தில் உள்ள தோட்டக்கலைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தில் மாதிரியைக் காட்டி மேற்கொண்டு யோசனை கேட்கலாம்.

நூறில் பெரும்பாலானவை வீட்டில் நன்றாக விரிந்து மணந்து, சந்தையில் மட்டும் "மணமில்லை" என்ற பேச்சு வந்தால், குறை தோட்டத்தில் இல்லை. மூட்டையிலும் வழியிலும் இருக்கிறது. அடுத்த நாள் அதே தோட்டத்துப் பூவில் பாதியைக் கூடையிலும் பாதியைப் பையிலும் அனுப்பி, சந்தையிலிருந்து நூறு நூறு மொட்டைத் திரும்பக் கொண்டு வந்து எண்ணிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.